ஏஜென்சிக் கடன்: எத்தனை மாத உழைப்பு?

ஊரிலிருந்து வருகின்ற தொலைபேசி அழைப்புகளில் இப்பொழுது அடிக்கடி கேட்கும் செய்தி இது. தம்பிக்குக் கட்டாரில் வேலை சரிவந்திருக்கிறது, ஏஜென்சிக்குக் காசு கட்ட வேண்டும், பாதியை இங்கே வட்டிக்கு எடுக்கிறோம், மீதிக்கு நீங்கள்தான் ஒரு வழி பார்க்க வேண்டும். அநேகமாக நாளைக்கே கட்ட வேண்டும் என்றும் சொல்வார்கள். நாம் இரவு வேலை முடிந்து வந்து, உடுப்பும் மாற்றாமல் நின்று இதைக் கேட்கிறோம். மறுக்க மனம் வராது. ஓம் என்று சொல்லிவிட்டு, சீட்டுக்காசை எடுத்து அனுப்புகிறோம்.

இங்கே புதிதாக வந்து குடியேறியுள்ள குடும்பங்களுக்கு இந்தக் கோரிக்கை வெகு சீக்கிரம் வந்து சேரும். ஆதலால் இந்த இதழில், இப்படியான கடனை எப்படி அளந்து பார்ப்பது என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். வேலைக்குப் போவது நல்லதா கெட்டதா என்பது எங்கள் கேள்வி அல்ல. ஊரில் தொழில் இல்லாத பிள்ளை வளைகுடாவுக்குப் போக நினைப்பதில் பிழை எதுவும் இல்லை. போவதற்காக வாங்கும் கடன் அவனுடைய உழைப்பில் எத்தனை மாதத்தைத் தின்னப்போகிறது என்பதுதான் கேள்வி. பல நாடுகளைப் பற்றி எழுதினால் குழப்பம் வரும் என்பதால் கட்டாரை மட்டும் உதாரணமாக எடுக்கிறோம்.

முதலில் அந்தக் காசு எங்கே போகிறது என்று விளங்கிக்கொள்வோம். டோகாவில் ஒரு கம்பனிக்கு ஆட்கள் தேவை. கம்பனி அங்குள்ள ஒரு ஆள்சேர்ப்பு நிறுவனத்திடமோ, நேரே கொழும்பில் உள்ள ஏஜென்சியிடமோ சொல்கிறது. கொழும்பு ஏஜென்சி, ஊரூராகத் திரியும் சப் ஏஜென்டிடம் சொல்கிறது. சப் ஏஜென்ட் உங்கள் வீட்டு விறாந்தையில் வந்து உட்காருகிறார். இந்தச் சங்கிலியில் இருக்கும் ஒவ்வொருவரும் தங்கள் பங்கை எடுக்கிறார்கள். இன்னுமொன்றும் உண்டு. அந்த வேலை ஆணையைப் பிடிப்பதற்காக ஏஜென்சிகள் ஒன்றோடொன்று போட்டி போட்டு, கம்பனியில் ஆள் எடுக்கும் அதிகாரிக்குக் கை நனைப்பதும் பல இடங்களில் நடந்துவருகிறது. அதுவும் கடைசியில் தொழிலாளியின் கணக்கில்தான் எழுதப்படும். கூடிய காசு கட்டினால் நல்ல வேலை கிடைக்கும் என்று ஊரில் நினைக்கிறார்கள். காசு கூடினால் நடுவில் நிற்கும் ஆட்கள் கூட என்பதுதான் அநேகமாக அதன் பொருள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கட்டாரின் 2004ஆம் ஆண்டுத் தொழிற்சட்டத்தின் 33ஆம் பிரிவின்படி, வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதற்கு அங்கே உரிமம் பெற்றவர் தொழிலாளியிடம் ஆள்சேர்ப்புக் கட்டணமோ செலவோ வாங்கக் கூடாது. சர்வதேசத் தொழில் அமைப்பின் 1997ஆம் ஆண்டு 181ஆம் இலக்க உடன்படிக்கையும், தனியார் வேலைவாய்ப்பு முகவர்கள் தொழிலாளியிடம் கட்டணம் அறவிடக் கூடாது என்பதையே பொதுவிதியாக வைத்திருக்கிறது. ஆள் தேவைப்படுவது கம்பனிக்கு, ஆதலால் ஆள் எடுக்கும் செலவும் கம்பனிக்குரியது என்பதுதான் இதன் நியாயம். ஆனால் கட்டாரின் சட்டம் கொழும்பில் கைமாறும் காசை எட்டிப் பிடிக்காது. எனவே சட்டம் இருக்கிறது என்று நம்பி இருந்துவிட முடியாது. அதை வைத்து ஒரு கேள்வி கேட்கலாம்: "இந்தச் செலவைக் கம்பனி ஏன் கட்டவில்லை?" இதற்குத் தெளிவான பதில் சொல்லத் தெரியாத ஏஜென்டிடம் காசு கொடுப்பதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். மகனுக்கு வயது 23. சப் ஏஜென்ட் வந்து, கட்டாரில் உதவியாளர் வேலை, சம்பளம் 1,800 றியால், இரண்டு வருட ஒப்பந்தம், எல்லாச் செலவும் சேர்த்து 450,000 ரூபா என்கிறார். தாய் தயங்குகிறார். "காசைப் பற்றி யோசியாதேங்கோ அம்மா, குடுக்கிற ஆளை நான் காட்டுறன். பிள்ளை போய் ஆறு மாசத்திலை கட்டி முடிச்சிடுவான்" என்கிறார் அவர். வட்டிக்காரர் மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டியில் கொடுக்கத் தயார். ஈடாகக் காணி உறுதியைக் கேட்கிறார்.

ஒரு றியால் 80 ரூபா என்று கணக்குக்காக எடுப்போம். 1,800 றியால் என்றால் 144,000 ரூபா. மாதம் ஒரு இலட்சம் அனுப்பினாலும் ஐந்தாறு மாதத்தில் கடன் முடிந்துவிடும் போலத் தெரியும். சப் ஏஜென்ட் சொன்ன ஆறு மாதம் இப்படித்தான் வருகிறது.

ஆனால் அந்த 1,800 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கட்டாரில் 2021ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறையில் இருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 1,000 றியால். கம்பனி சாப்பாடு கொடுக்காவிட்டால் அதற்கு 300 றியால். தங்குமிடம் கொடுக்காவிட்டால் அதற்கு 500 றியால். மூன்றையும் கூட்டினால் 1,800. அதாவது சப் ஏஜென்ட் பெரிய சம்பளம் என்று சொல்வது, அந்த நாட்டில் சட்டப்படி எவருக்கும் கொடுக்க வேண்டிய ஆகக் குறைந்த தொகைதான். அதிலும் இப்படியான வேலைகளில் கம்பனியே தங்குமிடம் கொடுக்கிறது, பல இடங்களில் சாப்பாடும் கொடுக்கிறது. அப்பொழுது கையில் வரும் காசு 1,000 மட்டுமே. மற்ற 800 அறையாகவும் சோறாகவும் போய்விடும். அதை ஊருக்கு அனுப்ப முடியாது.

இதனால் சம்பளத்தைப் பற்றிக் கேட்கும்போது "எவ்வளவு சம்பளம்" என்று கேட்காதீர்கள். "அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, சாப்பாடும் தங்குமிடமும் காசாகவா பொருளாகவா" என்று கேளுங்கள். ஓவர்டைம் இருக்கிறது என்று சொன்னால் அதைக் கடன் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஓவர்டைம் வந்தால் நல்லது. வராத மாதத்திலும் வட்டி வரும்.

இப்பொழுது உண்மையான கணக்கு. 1,000 றியாலில் தொலைபேசி, சவர்க்காரம், உடுப்பு, காய்ச்சல் தலையிடிக்கு மருந்து, கம்பனிச் சாப்பாடு வாய்க்கு ஒத்துவராத நாளில் வெளியே ஒரு சாப்பாடு என்று 300 போகும். மிச்சம் 700 றியால், 56,000 ரூபா. அதையும் முழுதாகக் கடனுக்குக் கட்ட முடியாது, ஏனென்றால் பிள்ளை போனதே வீட்டைப் பார்க்கத்தான். வீட்டுச் செலவுக்கு 20,000 ரூபா என்று மிகவும் குறைத்தே வைப்போம். கடனுக்கு 36,000 ரூபா.

அடுத்தது, எந்த மாதத்திலிருந்து கட்டத் தொடங்குவது? காசைக் கட்டியபின் விசா, மருத்துவச் சோதனை, பயணச்சீட்டு என்று இரண்டு மாதம் போகிறது. மூன்றாம் மாதம் அங்கே வேலை. அந்தச் சம்பளம் நாலாம் மாதம் கையில் வரும்போது, தொடக்கச் செலவுகளிலும் உடன் இருப்பவர்களிடம் வாங்கிய கைமாற்றிலும் கரைந்துவிடும். ஆகவே முதல் நாலு மாதமும் ஒரு சதமும் கட்டுப்படாது. 450,000 ரூபாவுக்கு மாத வட்டி 22,500 ரூபா. நாலு மாதத்துக்கு 90,000. வட்டிக்காரர் இதை முதலோடு சேர்ப்பார். பிள்ளை முதற் காசு கட்டுவதற்கு முன்பே கடன் 540,000 ஆகிவிட்டது.

ஐந்தாம் மாதம் 36,000 கட்டுகிறான். அந்த மாத வட்டி மட்டும் 27,000. முதலில் குறைவது 9,000 ரூபா. அடுத்த மாதம் இதைவிடச் சற்றுக் கூடக் குறையும். இப்படியே இரண்டு வருட ஒப்பந்தம் முடியும்வரை, ஒரு மாதமும் தவறாமல் 22 தடவை கட்டுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டிய தொகை 792,000 ரூபா. கடனில் இன்னும் ஏறக்குறைய 193,000 ரூபா நிற்கும். நாலரை இலட்சம் வாங்கி, எட்டு இலட்சம் கட்டி, இன்னும் இரண்டு இலட்சம் கடனோடு பிள்ளை விமானத்தில் திரும்பி வருகிறான்.

வீட்டுக்கு ஒரு சதமும் கொடாமல் 56,000 ரூபாவையும் கட்டினால் 14 தடவையில் முடியும். கடன் வாங்கிய நாளிலிருந்து ஒன்றரை வருடம். அந்த ஒன்றரை வருடமும் தாய் எதைச் சாப்பிடுவார் என்பது வேறு கேள்வி. மறுபக்கமாக, வேலை குறைந்து மாதம் 500 றியால்தான் மிஞ்சுகிறது என்று வைத்தால், 40,000 ரூபாவில் வீட்டுக்கு 20,000, கடனுக்கு 20,000. மாத வட்டியோ 27,000. இப்பொழுது அவன் கட்டக் கட்டக் கடன் வளரும். அவன் சோம்பேறியும் அல்ல, ஊதாரியும் அல்ல. கணக்கே அப்படித்தான் அமைந்திருக்கிறது.

இதிலிருந்து முதலாவது அளவுகோல் கிடைக்கிறது. கடனைச் சம்பளத்தால் பிரிக்காதீர்கள். வீட்டுச் செலவும் போக மிஞ்சும் காசோடு மாத வட்டியை வைத்துப் பாருங்கள். மிஞ்சும் காசில் பாதிக்கு மேல் வட்டிக்கே போகுமானால் அந்தக் கடன் இரண்டு வருடத்தில் முடிவது கஷ்டம். எங்கள் உதாரணத்தில் 36,000இல் 27,000 வட்டிக்குப் போனது. அங்கேயே விடை தெரிந்துவிட்டது.

இரண்டாவது அளவுகோல் காலம். கட்டாரில் புதிய வேலையாளைச் சோதனைக் காலத்தில் வைத்திருக்கலாம். சட்டப்படி அது ஆறு மாதத்துக்கு மேற்படக் கூடாது. அந்தக் காலத்துக்குள் ஆள் பொருத்தமில்லை என்று கம்பனி நிறுத்தவும் முடியும். ஆகவே பிள்ளைக்கு நிச்சயம் என்று சொல்லக்கூடிய வேலைக்காலம் இரண்டு வருடம் அல்ல. எங்களுடைய அபிப்பிராயம் என்னவென்றால், போவதற்குச் செலவாகும் மொத்தக் காசும், வீட்டுச் செலவு போக மிஞ்சும் காசில் ஆறு மாதத்துக்குள் அடைபட வேண்டும். எங்கள் உதாரணத்தில் அது 216,000 ரூபா. அதற்கு மேலே கேட்டால், இல்லாத ஒரு நிச்சயத்தை நம்பிக் கடன் படுகிறோம் என்று அர்த்தம்.

மூன்றாவது அளவுகோல்தான் முக்கியமானது. பிள்ளை மூன்றாம் மாதமே திரும்பி வந்தால் என்ன போகும்? நகை போகுமா, காணி போகுமா, பிணை நின்ற மாமாவின் சம்பளம் போகுமா? இதைக் கேட்பது அபசகுனம் என்று ஊரில் நினைப்பார்கள். ஆனால் கடனின் உண்மையான பாரம் அங்கேதான் இருக்கிறது. சொன்ன வேலை ஒன்று, போனபின் கொடுத்த வேலை வேறொன்று என்பது வளைகுடாவில் பழைய கதை. கடன் இல்லாதவன் அப்பொழுது மறுத்துப் பேசலாம். கடன்பட்டவன் பேசமாட்டான் என்பது கம்பனிக்கும் தெரியும்.

எங்களோடு பக்கத்து மெஷினில் நிற்கும் ஒரு அண்ணன், இங்கே வருவதற்கு முன் டோகாவில் கட்டட வேலை செய்தவர். அவர் ஒருநாள் சொன்னார்: "சம்பளம் குறைவெண்டு தெரிஞ்ச அண்டைக்கே நான் திரும்பியிருப்பன். ஆனா அம்மான்ரை காணி உறுதி வட்டிக்காரன்ரை பெட்டியுக்கை கிடந்தது. அங்கை என்னை மறிச்சு வைச்சிருந்தது முதலாளியில்லை, அந்த உறுதிதான்." அவர் இருந்த காலத்தில் முதலாளியின் சம்மதம் இல்லாமல் வேறு கம்பனிக்கு மாற முடியாது. 2020ஆம் ஆண்டு சட்டத்தை மாற்றி, உரிய முன்னறிவித்தல் கொடுத்தால் சம்மதக் கடிதம் இல்லாமலே மாறலாம் என்று செய்திருக்கிறார்கள். இது நல்ல மாற்றம்தான். ஆனாலும் மாறுவதென்றால் வேறு வேலை தேட வேண்டும், இடையில் ஒன்றிரண்டு மாதம் சம்பளம் இல்லாமல் இருக்க நேரலாம். மாதம் 27,000 வட்டி ஓடும்போது அந்த ஒன்றிரண்டு மாதம் பொறுக்கும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? சட்டம் கதவைத் திறந்துவைத்தாலும் கடன் காலைக் கட்டிவிடுகிறது.

ஆகவே கடன் எடுக்கத்தான் வேண்டும் என்றால், குடியிருக்கும் வீட்டையும் காணியையும் ஈடு வைக்காமல் எடுக்கக்கூடிய அளவோடு நிற்க வேண்டும். வாராவாரம் கட்டும் நுண்கடனையும் இதற்கு எடுக்கக் கூடாது. பிள்ளையின் முதற் காசு ஐந்தாம் மாதம் வருகிறது. நுண்கடன்காரர் அடுத்த கிழமையே வாசலில் நிற்பார். அதைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட வேறொன்று என்று தாய் அகப்பட்டுக்கொள்வார். சப் ஏஜென்டே வட்டிக்காரரைக் கூட்டி வருவதானால் இன்னும் கவனம் தேவை. பிள்ளை நல்ல இடத்துக்குப் போகிறானா என்பதில் அவர்கள் இருவருக்கும் நட்டம் எதுவுமில்லை. அவன் போனால் போதும்.

இனி, காசு எப்பொழுது கொடுப்பது என்ற விஷயம். இதில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஒழுங்கான வழி இப்படி இருக்கிறது. இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் உள்ள ஏஜென்சியாக இருக்க வேண்டும். உரிமம் ஏஜென்சிக்கே கொடுக்கப்படுகிறது, விறாந்தையில் வந்து கதைக்கிறவருக்கு அல்ல. ஏஜென்சியின் பெயரையும் உரிம இலக்கத்தையும் வாங்கிப் பணியகத்தில் விசாரிக்கலாம். 1989 என்பது பணியகத்தின் தொலைபேசி இலக்கம். பிரதேச செயலகத்திலும் இதற்கென்று உத்தியோகத்தர் இருக்கிறார். அவர்களிடம் மூன்று விஷயம் கேட்க வேண்டும்: இந்த உரிமம் இன்றைக்கு செல்லுபடியாகுமா, இந்தக் கம்பனிக்கு இந்த வேலைக்கு ஆள் எடுக்க அனுமதி கொடுத்திருக்கிறீர்களா, தொழிலாளியிடம் எவ்வளவு அறவிடலாம் என்று அனுமதித்திருக்கிறீர்கள். மூன்றாவது கேள்வியைத்தான் எவரும் கேட்பதில்லை. அனுமதித்த தொகைக்கும் சப் ஏஜென்ட் கேட்கும் தொகைக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் நாங்கள் வட்டி கட்டுகிறோம்.

அடுத்தது கட்டார் விசா நிலையம். 2018ஆம் ஆண்டு முதல் கொழும்பில் இயங்கிவருகிறது. விரலடையாளம், மருத்துவச் சோதனை, ஒப்பந்தத்தில் ஒப்பமிடுவது எல்லாம் அங்கே ஒரே இடத்தில் நடக்கின்றன. அந்தச் செலவைக் கம்பனிதான் ஏற்க வேண்டும். ஒப்பமிடுவதற்கு முன் ஒப்பந்தத்தைத் தனக்கு விளங்கும் மொழியில் வாசித்துப் பார்க்கப் பிள்ளைக்கு உரிமை உண்டு. அடிப்படைச் சம்பளம், வேலையின் பெயர், கம்பனியின் பெயர் ஆகிய மூன்றையும் அங்கே பார்க்க வேண்டும். சப் ஏஜென்ட் சொன்னதற்கு மாறாக இருந்தால் ஒப்பமிடாமல் வெளியே வர வேண்டும். ஆனால் அநேகமான பிள்ளைகள் அந்த மேசைக்கு முன் இருக்கும்போது முழுக்காசும் கட்டி முடிந்திருக்கும். பிழை என்று தெரிந்தும் ஒப்பமிடுகிறார்கள். ஆதலால் பெரிய காசு அந்த ஒப்பந்தத்தைக் கண்ணால் கண்ட பிறகுதான் கைமாற வேண்டும். அதற்கு முன் ஏதாவது கொடுத்தே ஆக வேண்டுமென்றால், போனாலும் தாங்கக்கூடிய சிறு தொகையாக இருக்கட்டும். போகாவிட்டால் எத்தனை நாளில் திருப்பித் தருவோம் என்று எழுதி வாங்கவும் வேண்டும்.

கொடுக்கும் காசு ஏஜென்சியின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். ஏஜென்சியின் பெயர் அச்சிட்ட பற்றுச்சீட்டு, முழுத் தொகையையும் எழுதி, வாங்க வேண்டும். ஒரு இலட்சத்துக்குப் பற்றுச்சீட்டு தருகிறோம், மீதியைக் கையில் தாருங்கள் என்றால், அந்த மீதிக்குப் பின்னர் எந்த முறைப்பாடும் செய்ய முடியாது என்று பொருள். முதலில் வருகை விசாவில் போகட்டும், அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம். அப்படிப் போகிறவர் பணியகத்தில் பதியாமல் போகிறார். பதியாதவருக்குப் பணியகத்தின் காப்புறுதி இல்லை, ஒப்பந்தமும் இல்லை.

இங்கே இருக்கிற நாங்கள் என்ன செய்யலாம்? எங்களிடம் கேட்கும் காசுக்கு எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல உரிமை இருக்கிறது. அதை இப்படிப் பயன்படுத்தலாம். முதலாவது, நாளைக்கே வேண்டும் என்ற அவசரத்துக்கு இடம் கொடாமல், ஏஜென்சியின் பெயரும் உரிம இலக்கமும் கம்பனியின் பெயரும் வாட்ஸ்அப்பில் வரட்டும், பிறகு கதைப்போம் என்று சொல்லலாம். உண்மையான வேலை இரண்டு நாளில் ஓடிப்போகாது. இரண்டாவது, பாதிக்காசு நாங்கள், பாதிக்காசு வட்டிக்காரர் என்று பிரிப்பது ஒரு உதவிபோலத் தோன்றும். ஆனால் எங்கள் பாதி இருக்கிறது என்பதாலேயே வட்டிக்காரரின் பாதியும் சாத்தியமாகிறது. கேட்கும் தொகை பணியகம் அனுமதித்த அளவுக்கு இறங்கினால் முழுவதையும் நாங்களே வட்டியில்லாமல் தருகிறோம், இல்லையென்றால் ஒன்றும் தர ஏலாது என்று சொல்வது கடினமாகக் கேட்கும். என்றாலும் அதுதான் பிள்ளைக்கு உதவி.

வட்டியில்லாக் காசு எவ்வளவு வித்தியாசம் செய்யும் என்று பாருங்கள். அதே 450,000 ரூபாவை வட்டியில்லாமல் கொடுத்தால், மாதம் 36,000 வீதம் 13 தடவையில் முடியும். வட்டிக்கு எடுத்தபோது 22 தடவை கட்டியும் முடியவில்லை. ஆனால் 13 மாதமும் எங்கள் ஆறு மாத அளவைத் தாண்டுகிறது என்பதைக் கவனியுங்கள். வட்டி இல்லை என்பதற்காகக் கூடிய கட்டணம் நியாயமாகிவிடாது. அந்தக் காசு எங்கள் இரவு வேலையிலிருந்து சப் ஏஜென்டின் சட்டைப்பைக்குப் போகிறது, அவ்வளவுதான். எங்களுக்கும் இங்கே வீட்டு வாடகையும், பிள்ளைகளின் பள்ளிச் செலவும், நாங்கள் வரப் பட்ட கடனும் இருக்கின்றன. அவற்றை மறைத்து, இங்கே வங்கிக் கடன் எடுத்து அனுப்புவது இரண்டு வீட்டையும் ஒரே கயிற்றில் கட்டுவது போலாகும்.

ஏற்கனவே கடன் எடுத்துப் பிள்ளை போய்விட்டான் என்றால், கடன்களை எழுதிப் பார்த்து, ஆகக் கூடிய வட்டி எதுவோ அதை முதலில் அடைக்க வேண்டும். அந்த இடத்தில் எங்கள் காசு பிரயோசனப்படும், ஏனென்றால் அது ஏஜென்டுக்குப் போகவில்லை, ஓடிக்கொண்டிருக்கும் வட்டியை நிறுத்துகிறது. நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு நிற்கும் இரண்டு இலட்சத்தை நாங்கள் அடைத்தால், மாதம் 10,000 ரூபா அந்த வீட்டில் மிஞ்சும். அதைத் தவிர, பற்றுச்சீட்டு, ஒப்பந்தம், சப் ஏஜென்ட் அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் படம் பிடித்து இங்கேயும் ஒரு பிரதி வைத்திருங்கள். ஒப்பந்தத்தில் உள்ள சம்பளம் கிடைக்காவிட்டால் பிள்ளை கட்டாரின் தொழில் அமைச்சில் முறைப்பாடு செய்யலாம். வீட்டார் பணியகத்தில் ஏஜென்சிக்கு எதிராக முறைப்பாடு செய்யலாம். இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது கடதாசிதான்.

அடுத்த முறை ஊரிலிருந்து அழைப்பு வரும்போது, ஒரு கடதாசியில் இந்த நாலு வரியையும் எழுதி வைத்துக்கொண்டு கதையுங்கள். கையில் வரும் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? அவன் செலவும் வீட்டுச் செலவும் போக மிச்சம் எவ்வளவு? மாத வட்டி எவ்வளவு? மூன்றாம் மாதம் திரும்பி வந்தால் எது போகும்? இதற்குப் பதில் வாங்கியபின் காசைப் பற்றிக் கதைக்கலாம்.

இதேபோன்ற கடன் கணக்கு உங்கள் வீட்டில் இருந்தால், தொகையையும் வட்டியையும் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். பெயரை விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் அடுத்த இதழில் போட்டுப் பார்ப்போம்.